தீர்மானப் புத்தகத்திலிருந்து எழுத வேண்டிய தன்குறிப்பு: குழுத் தலைவிகளுக்கான வழிகாட்டி

விண்ணப்பப் படிவத்தில் பெயர், வயது, முகவரி எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் கை நின்றுவிடும். "உங்களைப் பற்றி 100 சொற்களுக்குள் எழுதவும்." பத்து வருடம் குழு நடத்தியவர்கள், வங்கி மேலாளருக்கு எதிரே உட்கார்ந்து பேசிக் கடன் வாங்கியவர்கள்கூட இந்தக் கட்டத்துக்கு வந்ததும் மகளையோ பிரவுசிங் சென்டர் தம்பியையோ கூப்பிடுகிறார்கள். அவர்களும் பாவம், தங்களுக்குத் தெரிந்த மேடைப் பேச்சுத் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுக்கிறார்கள். விண்ணப்பம் அந்த இடத்திலேயே பாதி தோற்றுப்போகிறது.

நான் ஒரு மகளிர் குழுவில் பிரதிநிதியாக இருந்தவள். பிறகு பக்கத்து ஊராட்சிக் குழுக்களுக்குக் கணக்குப் புத்தகம் எழுதக் கற்றுக்கொடுத்தேன். அந்தப் பழக்கத்தில் பலருடைய தன்குறிப்பை உடன் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். செலவு முழுவதையும் நடத்துபவர்களே ஏற்கும் பயிற்சி, வெளிமாநிலக் கண்டுணர்வுப் பயணம், மாத ஊக்கத்தொகையோடு ஓராண்டுத் திட்டம் என்று எதற்கு விண்ணப்பித்தாலும் இந்தக் குறிப்பு கேட்கப்படும். வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, கடலோரப் பெண் தலைவிகளுக்கான பத்து நாள் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியதை அப்படியே படிப்படியாகச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

முதலில் எழுதிய குறிப்பு

அக்கா கொண்டுவந்த தாளில் இப்படி இருந்தது:

"நான் சமூக சேவையில் மிகுந்த ஆர்வம் கொண்டவள். ஏழை எளிய பெண்களின் வாழ்வில் ஒளியேற்ற அயராது உழைத்து வருகிறேன். எனது தலைமையில் எங்கள் குழு பல்வேறு சாதனைகளைப் புரிந்துள்ளது. இதுவரை 9 லட்சம் ரூபாய் நிதி திரட்டியுள்ளேன். கஜா புயலின்போது பாதிக்கப்பட்ட பலருக்கு உதவிகள் செய்துள்ளேன்."

இதைப் படித்ததும் நான் அவரிடம், "அக்கா, இந்தத் தாளில் பக்கத்துத் தெருக் குழுவைக் கூட்டி நடத்தும் ஊக்குநர் பெயரைப் போட்டால் பொருந்துமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொருந்தும்" என்றார். தேர்வு செய்பவர் முன்னால் இதே மாதிரி நிறையத் தாள்கள் இருக்கும். ஒளியேற்றுகிறவர்களும் அயராது உழைக்கிறவர்களும் எல்லாத் தாள்களிலும் இருப்பார்கள். அவர் தேடுவது இந்த ஒரு பெண் எந்த இடத்தில், எந்தச் சிக்கலில், என்ன செய்தார் என்பதை. அது இந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

தலையில் தேடாதீர்கள், புத்தகத்தில் தேடுங்கள்

"உன்னைப் பற்றிச் சொல்" என்றால் யாருக்குமே வாயில் வராது. ஆனால் குழு நடத்துகிறவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அவர்கள் செய்தது எல்லாம் ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, சேமிப்பு மற்றும் கடன் பேரேடு, வங்கிப் பாஸ்புத்தகம். தன்குறிப்பு எழுத உட்காரும் முன்னால் இந்த நாலையும் பாயில் பரப்பிக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்கள் முதல் ஊக்குநர் வீட்டுப் பரணில் இருந்தால் போய் வாங்கி வாருங்கள். இதற்கு ஒரு சாயங்காலம் முழுவதும் ஆகும், ஆகட்டும்.

முதலில் தேதிகளை எடுங்கள். குழு தொடங்கிய வருடம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதும், வங்கியில் கணக்குத் திறந்த வருடமும் பல நேரம் வேறாக இருக்கும். அக்காவின் குழு முதல் கூட்டம் போட்டது 2011இல். அதுதான் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கம். அதையே எடுத்துக்கொண்டோம். பிறகு பொறுப்புகள். ஊக்குநர் பொறுப்பைச் சுழற்சியில் மாற்றும் குழுக்களில், ஒருவர் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார் என்பது தீர்மானத்தில் இருக்கும். அக்கா "ஆரம்பத்திலிருந்தே நான்தான்" என்று சொன்னார். புத்தகம் 2014 முதல் 2019 வரை என்றது. முதல் மூன்று வருடம் வேறொருவர் ஊக்குநர், இவர் உறுப்பினர். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. முதல் நாளிலிருந்து ஓடியாடியதால் மனதில் அப்படிப் பதிந்துவிட்டது. ஆனால் நேர்காணலில் அந்த வருடங்களைப் பற்றிக் கேட்டு, பதில் தடுமாறினால், மீதி எல்லா வரிகள் மேலும் சந்தேகம் விழும்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான தேடல். தீர்மானப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பெரும்பாலான பக்கங்கள் ஒரே மாதிரி இருக்கும்: "சேமிப்பு வசூலிக்கப்பட்டது, கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது, நன்றியுரையுடன் கூட்டம் முடிந்தது." இவற்றை வேகமாகத் தள்ளிவிடுங்கள். எந்தப் பக்கத்தில் வழக்கம் மாறியிருக்கிறதோ அங்கே நில்லுங்கள். கூட்ட நாளை மாற்றியது, வட்டியைக் குறைத்தது, ஒருவரை நீக்கியது அல்லது திரும்பச் சேர்த்தது, கூட்டத்தில் சண்டை வந்து இரண்டாம் முறை கூடியது. அந்தப் பக்கங்களுக்குள்தான் உங்கள் தன்குறிப்பு இருக்கிறது.

அக்காவின் புத்தகத்தில் நாங்கள் நின்ற பக்கம் 2016 ஆகஸ்டு. மூலையில் தண்ணீர் பட்டு மை கலங்கியிருந்தது. "மாதம் 150 ரூபாய் சேமிப்பை மாற்றி, உப்பள வேலை உள்ள எட்டு மாதங்களுக்கு 200 ரூபாயும், மழைக்கால நான்கு மாதங்களுக்கு 50 ரூபாயும் கட்டுவது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." கீழே 14 பேரின் கையெழுத்து, அதில் மூன்று கைநாட்டு.

"இது என்னக்கா?" என்று கேட்டதும் அக்கா பேச ஆரம்பித்தார். அரைமணி நேரம் நிறுத்தவில்லை. மழை இறங்கிவிட்டால் பாத்தியில் தண்ணீர் நிற்கும், உப்பு எடுக்க முடியாது, கூலி கிடையாது. அந்த மாதங்களில் பாதிப் பேருக்குமேல் சேமிப்புக் கட்ட முடியாமல் நிலுவை விழும். நிலுவை விழுந்தவர் வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கு வரமாட்டார். கூட்டத்துக்கு வராதவர் பிறகு வெளியே வட்டிக்கு வாங்குவார். வருடா வருடம் இதே கதை. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் 150 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 1,800. இருநூறு வீதம் எட்டு மாதத்துக்கு 1,600, ஐம்பது வீதம் நாலு மாதத்துக்கு 200, அதுவும் 1,800. ஒரு ரூபாய் குறையவில்லை. சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டித்தான் மற்றவர்களைச் சம்மதிக்க வைத்தாராம்.

இவ்வளவு பெரிய விஷயம் அந்த முதல் தாளில் எங்கேயும் இல்லை. "இதெல்லாம் எழுதலாமா? இது குழுவுக்குள்ள நடந்ததுதானே" என்றார் அக்கா. குழுவுக்குள் நடந்ததை எழுதுவதற்குத்தான் அந்தக் கட்டம் இருக்கிறது.

அடுத்து, அதனால் என்ன மாறியது என்பதற்குப் பேரேட்டைத் திறந்தோம். தீர்மானத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் 14 பேரில் 8 பேருக்கு நிலுவை. அடுத்த மழைக்காலத்தில் 2 பேருக்கு. இந்த இரண்டு எண்கள் போதும். "பெரும் மாற்றம் ஏற்பட்டது" என்று எழுதுவதைவிட இது பலமடங்கு பேசும். இவை யார் வந்து கேட்டாலும் புத்தகத்தைத் திறந்து காட்டக்கூடிய எண்கள்.

கடனை நிதி என்று எழுதாதீர்கள்

அந்த முதல் தாளின் 9 லட்சத்துக்கு வருகிறேன். நான் பார்த்த தன்குறிப்புகளில் அதிகமாக வரும் பிழை இதுதான். அக்காவின் குழு வங்கி இணைப்பில் மூன்று முறை கடன் வாங்கியிருந்தது: ஒரு லட்சம், மூன்று லட்சம், ஐந்து லட்சம். மூன்றையும் கூட்டி "9 லட்சம் நிதி திரட்டினேன்" என்று எழுதிவிட்டார்கள். நிதி உதவி கொடுக்கிறவர்களின் பேச்சில் நிதி திரட்டுவது என்றால் திருப்பித் தர வேண்டாத பணத்தை நன்கொடையாகவோ மானியமாகவோ கொண்டுவருவது. கடனை அப்படி எழுதினால், விவரம் தெரிந்தவர் இவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைப்பார். விவரம் தெரியாதவர் இவ்வளவு மானியம் வாங்கியவருக்கு நம் உதவி எதற்கு என்று நினைப்பார். இரண்டுமே நஷ்டம்.

கடனைப் பற்றி எழுத இடம் இருந்தால் திருப்பிக் கட்டியதை எழுதுங்கள். "மூன்று முறை வங்கிக் கடன் பெற்றோம், முதல் இரண்டையும் தவணை தவறாமல் முடித்தோம், மூன்றாவது 5 லட்சம் நடப்பில் உள்ளது." இது குழுவின் நம்பகத்தைக் காட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: "தவறாமல்" என்ற சொல்லைப் போடும் முன்னால் பாஸ்புத்தகத்தில் ஒவ்வொரு தவணைத் தேதியையும் பாருங்கள். நடுவில் இரண்டு மாதம் தாமதம் இருந்தால் "முழுமையாகக் கட்டி முடித்தோம்" என்று எழுதுங்கள். அதுவும் உண்மை, அதுவும் நல்ல செய்தி.

சேமிப்புத் தொகை, சுழல் நிதி, உள்கடன் சுற்று, வங்கிக் கடன் ஆகியவற்றைக் கூட்டி ஒரே பெரிய எண்ணாகக் காட்டும் வழக்கமும் உண்டு. அதையும் விட்டுவிடுங்கள். ஒரே பணம் சேமிப்பாக ஒரு முறையும், உள்கடனாகப் பல முறையும் எண்ணப்பட்டிருக்கும்.

நான், நாங்கள்

குழுத் தலைவிகளுக்கு இதுதான் உண்மையிலேயே கஷ்டமான இடம். சிலர் எல்லாவற்றையும் "எனது தலைமையில்" என்று தன் கணக்கில் எழுதிவிடுவார்கள். அதைவிட அதிகமானவர்கள் "குழு செய்தது, நாங்கள் செய்தோம்" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். குழுவுக்குள் அந்தப் பணிவு நல்லது. ஆனால் விண்ணப்பத்தில் தேர்வாகப்போவது ஒரு ஆள். அந்த ஆள் என்ன செய்தார் என்று தெரியாவிட்டால் எதை வைத்துத் தேர்வு செய்வார்கள்?

நான் பின்பற்றும் வழி ஒன்று. நடந்த நிகழ்ச்சியை வினைச்சொற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் யார் என்று கேட்பேன். சேமிப்பு மாற்றத்தை அப்படிப் பிரித்தோம். யோசித்தது யார், கணக்குப் போட்டது யார், கூட்டத்தில் பேசியது யார், ஒப்புக்கொண்டது யார், வங்கிக்குப் போனது யார். ஒப்புக்கொண்டது குழு, அதற்கு "நாங்கள்". கணக்குப் போட்டதும் கூட்டத்தில் பேசியதும் வங்கிக்குப் போனதும் அக்கா, அதற்கு "நான்".

வங்கிக்கு ஏன் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் அவருடைய திறமையைக் காட்டுவது. குழுவை மதிப்பிடும்போது பஞ்சசூத்திரம் என்று ஐந்தைப் பார்ப்பார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்கு. பாஸ்புத்தகத்தில் ஒரு மாதம் 2,800, இன்னொரு மாதம் 700 என்று ஏறி இறங்கினால் சேமிப்பு ஒழுங்காக இல்லை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அக்கா தீர்மானத்தின் நகலை எடுத்துப் போய் மேலாளரிடம் முன்கூட்டியே விளக்கிவிட்டு வந்திருக்கிறார். பிரச்சினை வந்த பிறகு ஓடுகிறவர்கள் நிறைய, வருமுன் போகிறவர்கள் குறைவு. அந்த வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னேன்.

கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்

இரண்டாவது வரைவில் "சேமிப்பைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றும் யோசனையை நான் முன்வைத்தேன்" என்று எழுதியிருந்தோம். அடுத்த குழுக் கூட்டத்தில் அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினர், "யோசனை நான்தானக்கா முதல்ல சொன்னேன். மழைக்கு அம்பது வச்சுக்கலாம்னு கெணத்தடியில வச்சு" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. அக்காவின் முகம் சுருங்கிப்போனது. பிறகு, "ஆமாம்மா, நீதான் சொன்ன. நான் மறந்துட்டேன்" என்றார்.

அந்த வரியை அங்கேயே மாற்றினோம். "ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். நான் அதைக் கணக்குப் போட்டுக் காட்டித் தீர்மானமாக்கினேன்" என்று வந்தது. எனக்கு முந்தையதைவிட இதுதான் பிடித்திருந்தது. கிணற்றடியில் சொல்லப்படும் நல்ல யோசனைகள் பெரும்பாலும் கிணற்றடியிலேயே நின்றுவிடும். அதைப் பிடித்து, கணக்காக்கி, 14 பேர் கையெழுத்துப் போடும் தீர்மானமாக்கி, வங்கி வரை கொண்டுபோவதுதானே அமைப்பாளரின் வேலை? அந்த வேலை இப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. குறிப்பை அனுப்பிய பிறகு இந்தப் பேச்சு வெளியே வந்திருந்தால் அக்காவுக்கு அவமானமாகவும் குழுவுக்குள் மனக்கசப்பாகவும் முடிந்திருக்கும். ஆகவே அனுப்பும் முன்னால் ஒரு முறை கூட்டத்தில் படியுங்கள், நேரம் இல்லை என்று தள்ளாதீர்கள்.

எதை விடுவது

அக்காவுக்குக் கஜா புயலைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்த ஆசை எனக்குப் புரிந்தது. ஆனால் "அப்போது நீங்கள் செய்தது என்ன?" என்று பிரித்துக் கேட்டபோது, வந்த நிவாரணப் பொருள்களை மற்றவர்களோடு சேர்ந்து பிரித்துக் கொடுத்தது என்றுதான் வந்தது. அது நல்ல காரியம், ஊரே செய்தது. நூறு சொல்லில் ஒரு நிகழ்ச்சிக்குத்தான் இடம் உண்டு. இரண்டு வைத்தால் இரண்டுமே பட்டியல் ஆகிவிடும். கஜாவை நேர்காணலுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மற்றவர்களின் கஷ்டத்தையும் எழுதாதீர்கள். கணவர் அடித்துத் துரத்திய உறுப்பினருக்குக் குழு துணை நின்றது உண்மையாக இருக்கலாம். சின்ன ஊரில், பெயர் போடாவிட்டாலும் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவரிடம் கேட்காமல் அதை எழுத நமக்கு உரிமை இல்லை. அதேபோல் உங்கள் சொந்த வறுமையையும் விற்கத் தேவையில்லை. "உப்பளத் தொழிலாளி" என்ற ஒரு சொல்லே உங்கள் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறது. சாதி, சமயம், குடும்ப வருமானம் போன்றவற்றைப் படிவம் தனியாகக் கேட்டால் அந்த இடத்தில் நிரப்புங்கள், இந்தக் குறிப்பில் வேண்டாம். ஆதார் எண்ணும் வீட்டு முகவரியும் இங்கே வரவே கூடாது. தேர்வானவர்களின் குறிப்பைச் சில இடங்களில் அப்படியே அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள்.

படிப்பைப் பற்றிப் பலர் மறைக்கப் பார்க்கிறார்கள். அக்கா படித்தது எட்டாம் வகுப்பு. அதை அப்படியே எழுதினோம். எட்டாம் வகுப்புப் படித்தவர் ஆண்டுக் கணக்கைத் தரையில் போட்டுக் காட்டினார் என்பது குறிப்பின் மதிப்பைக் கூட்டுகிறது.

முடிவான வடிவம்

"நான் நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் பகுதியில் உப்பளத் தொழிலாளி. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். 2011இல் 14 பெண்கள் சேர்ந்து தொடங்கிய சுய உதவிக் குழுவுக்கு 2014 முதல் 2019 வரை ஊக்குநராக இருந்தேன். மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றுவிடுவதால் 8 பேரால் சேமிப்புக் கட்ட முடியவில்லை. வேலை உள்ள எட்டு மாதம் 200 ரூபாய், மழையின் நான்கு மாதம் 50 ரூபாய் கட்டலாம் என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். ஆண்டுச் சேமிப்பு குறையாது என்று கணக்குப் போட்டுக் காட்டி, 2016இல் அதைத் தீர்மானமாக்கி, வங்கியிலும் விளக்கினேன். அடுத்த மழைக்காலத்தில் நிலுவை 2 பேராகக் குறைந்தது. 2021 முதல் 22 குழுக்கள் கொண்ட எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பின் செயலாளர். 6 குழுக்கள் இம்முறைக்கு மாறியுள்ளன. மற்றக் குழுக்களின் கணக்காளர்களுக்கு இதைக் கற்றுத்தர இந்தப் பயிற்சி உதவும்."

தொண்ணூறு சொல். கடைசி மூன்று வரிகளைக் கவனியுங்கள். செலவழித்துப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு: இவர் ஊருக்குத் திரும்பிப் போய் யாருக்கு, எப்படிச் சொல்வார்? 22 குழுக்களின் கூட்டமைப்பில் இப்போது பொறுப்பில் இருக்கிறார், 6 குழுக்களுக்கு ஏற்கெனவே கொண்டுபோயிருக்கிறார், மீதிக்குக் கொண்டுபோக என்ன தேவை என்று தெரிந்து வைத்திருக்கிறார் என்பது அதற்கான பதில். நடப்புப் பொறுப்பு இல்லாமல் பழைய பெருமை மட்டும் இருந்தால் அந்தக் கவலை தீராது. இந்த வரிகளை ஒவ்வொரு திட்டத்துக்கும் மாற்றி எழுத வேண்டும். சந்தைப்படுத்தல் பயிற்சிக்கு அனுப்பும்போது "கணக்காளர்களுக்குக் கற்றுத்தர" என்று இருந்தால், வேறு எதற்கோ எழுதியதை இங்கே அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே போகும் விண்ணப்பம் என்றால் "ஊக்குநர்" என்ற இடத்தில் "குழுவைக் கூட்டி நடத்தும் ஊக்குநர்" என்று நீட்டிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அன்றாடம் சொல்லும் சுருக்கப் பெயர்கள், ஊராட்சிக் கூட்டமைப்பைச் சொல்லும் பி.எல்.எப். போன்றவை, வெளியாருக்கு ஒன்றுமே சொல்லாது. சொல்லை முழுதாக விரித்து எழுதுங்கள்.

படிவம் "அவர்" என்று படர்க்கையில் கேட்டால் முதல் வரியைப் பெயரில் தொடங்கி, இருந்தேன் என்பதை இருந்தார் என்று மாற்றினால் போதும். எதுவும் சொல்லாவிட்டால் "நான்" என்றே எழுதுங்கள். நேர்காணலில் அதே குரலில்தான் பேசப்போகிறீர்கள்.

இணையப் படிவத்தில் ஏற்றும்போது

இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று எழுத்துக் கணக்கு. சில படிவங்கள் சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணும், "500 எழுத்துகள்" என்று போட்டிருக்கும். கணினி நம்மைப் போல எண்ணாது. புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும். "குழு" நமக்கு இரண்டு எழுத்து, அதற்கு நான்கு. "மகளிர்" நமக்கு நான்கு, அதற்கு ஆறு. கையால் எண்ணிச் சரியாக 500 வைத்துக்கொண்டு போனால் கடைசி வரிகள் வெட்டுப்படும். வெட்டுப்படுவது நடப்புப் பொறுப்பும் பயிற்சியின் பயனும் உள்ள வரிகள்தான். அதனால் சின்ன வடிவம் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு இப்படி எழுதினோம்:

"நான் வேதாரண்யம் பகுதி உப்பளத் தொழிலாளி. 14 பெண்கள் கொண்ட குழுவுக்கு 2014 முதல் 2019 வரை ஊக்குநர். மழைக்காலத்தில் வேலை இல்லாதவர்களுக்காகச் சேமிப்பைப் பருவத்துக்கு ஏற்பப் பிரிக்கும் யோசனையை 2016இல் தீர்மானமாக்கினேன். நிலுவை 8 பேரிலிருந்து 2 பேராகக் குறைந்தது. 2021 முதல் ஊராட்சிக் கூட்டமைப்பின் செயலாளர். 6 குழுக்கள் இம்முறைக்கு மாறியுள்ளன."

இன்னொன்று எழுத்துரு. டி.டி.பி. சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால், தாளில் அழகாக இருக்கும். படிவத்தில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக மாறிவிடும். "யூனிகோடில் அடித்துக் கொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். செல்போனில் தமிழ் விசைப்பலகையில் அடித்தால் அது தானாகவே யூனிகோடுதான். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன்னால் திரையில் உள்ளதை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று கேட்டால், மொழிபெயர்த்தவரை உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் திரும்பத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முன்பு ஒருவருக்கு இப்படிச் செய்யாமல் விட்டோம். "கூட்டமைப்பில் செயற்குழு உறுப்பினர்" என்றிருந்ததை மொழிபெயர்த்தவர் மரியாதைக்காக "தலைவர்" என்று ஆக்கிவிட்டார். தொலைபேசியில் அதைப் பற்றிக் கேட்டபோது அந்தப் பெண்ணுக்கு என்ன கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. தான் எழுதாத ஒன்றுக்குப் பதில் சொல்லத் திணறி, வாய்ப்பு போயிற்று. அது எங்கள் கவனக்குறைவு.

அழைப்பு வந்தால்

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும், எடுங்கள். அனுப்பிய குறிப்பின் நகலைத் தீர்மானப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரமான பக்கங்களை, அக்காவுக்கு 2016 ஆகஸ்டுத் தீர்மானம், இரண்டு மழைக்காலத்துப் பேரேட்டுப் பக்கங்கள், செல்போனில் படம் எடுத்து வைத்தோம்.

அக்காவிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, நாங்கள் எதிர்பார்த்தது போலவே, கஜா மாதத்தைப் பற்றி: "அந்த நவம்பரில் உங்கள் 50 ரூபாய் முறை தாங்கியதா?" அக்கா பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாங்கலைங்க. அந்த மாசம் கூட்டமே நடக்கல, பக்கம் வெறுமையாத்தான் இருக்கு. டிசம்பர்ல கூடி, ரெண்டு மாசத்துச் சேமிப்பையும் உப்பு எடுக்க ஆரம்பிச்சப்புறம் கட்டலாம்னு எழுதிக்கிட்டோம். ஏப்ரல்ல எல்லாரும் கட்டிட்டாங்க." மறுமுனையில் இருந்தவர் அந்த டிசம்பர் தீர்மானத்தின் படத்தையும் அனுப்பச் சொன்னார். அக்கா அன்றைக்கே அனுப்பினார்.

பயிற்சிக்குப் போய் வந்த பிறகு, குறிப்பின் கடைசி வரியை அடித்துவிட்டு, எத்தனை கணக்காளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பதைத் தேதியோடு எழுதிவைத்தார். அடுத்த விண்ணப்பம் அந்த வரியிலிருந்து தொடங்கும்.